பெரியவளான பிறகு உயரம் கூடுமா?

கேள்வி: "டாக்டர், நாங்க கல்லிடைக்குறிச்சி. மகளுக்கு 13 வயசு, பெரியவளாகி ஒன்றரை வருஷம் ஆகுது, உயரம் 150 செ.மீ. மகனுக்கு 15, அவன் 152தான், இன்னும் குரல் உடையல. மணிக்கட்டு எக்ஸ்ரேல எலும்பு வயசு மகளுக்கு 14, மகனுக்கு 13னு எழுதியிருக்காங்க. இனி வளருவாங்களா?"

வளர்வார்கள் அம்மா. ஆனால் மகளுக்கு மிச்சம் இருப்பது மூன்று சென்டிமீட்டர் போலத்தான். மகனுக்கு இருபது வரை இருக்கலாம்.

கை, கால் எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் வளர்ச்சித் தகடு. அதில் புதுச் செல்கள் உண்டாகி எலும்பாக மாற மாற எலும்பு நீளும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகவும் தகடு கறுப்புக் கோடாகவும் தெரியும். அந்தக் கோடு மறைந்துவிட்டால் அந்த எலும்பு இனி நீளாது.

தகட்டை மூட வைப்பது ஈஸ்ட்ரோஜன். பையன்களுக்கும் அதேதான். அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994இல் ஒரு மருத்துவ இதழில் வந்த நோயாளிக்கு, மரபணுக் கோளாறால் ஈஸ்ட்ரோஜன் வேலையே செய்யவில்லை. 28 வயதில் அவர் 204 செ.மீ. உயரம், தகடுகள் அப்போதும் மூடவில்லை.

பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது பெரியவளாவதற்கு முன்புதான். அதற்குப் பிறகு பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர், அதுவும் இரண்டு, இரண்டரை வருஷத்துக்குள். அதனால் 14, 15இல் பெரும்பாலும் நின்றுவிடும். பையன்களுக்கு எல்லாமே ஏறக்குறைய இரண்டு வருஷம் பிந்தி வரும், 16இலிருந்து 18க்குள் நிற்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். எக்ஸ்ரேயில் எலும்புகள் எந்த வயதுக்குரிய முதிர்ச்சியில் தெரிகின்றனவோ, அதுதான் எலும்பு வயது. எலும்பு வயது 14 ஆன பெண், தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 98 சதவீதத்தை எட்டியிருப்பாள். 150ஐ வைத்துப் பார்த்தால் முடிவில் 153. எலும்பு வயது 13 உள்ள பையன் 88 சதவீதம்தான் எட்டியிருப்பான். 152 என்றால் 172 பக்கம் போகலாம். இது மதிப்பீடுதான், சில சென்டிமீட்டர் கூடக் குறைய வரும். அவன் அப்பாவும் பள்ளிக்கூடம் முடிக்கும் சமயத்தில்தான் சட்டென்று வளர்ந்தவரா என்று கேட்டுப் பாருங்கள். இப்படிப் பிந்தி வளர்வது குடும்பத்தில் வருவது உண்டு.

மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பீர்கள், தாராளமாகக் கொடுங்கள், சத்தான உணவு. ஆனால் மூடிய தகட்டை அதுவும் திறக்காது, டப்பாவில் விற்கும் பவுடரும் திறக்காது. பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள், எனக்கு அதில்தான் வருத்தம்.

மகன் விஷயத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 14 முடிந்தும் விரைகள் பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, குழந்தைகள் நல மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். தொடங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே சுவரில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து அளந்து குறித்து வாருங்கள். காலையிலேயே அளங்கள், சாயங்காலம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் வரை குறைவாக இருப்போம்.