ஃபேன் டப்பாவுல இருக்கிற ரெண்டு நம்பரும் ஒரே நேரத்துல கிடைக்காது

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேசை மேல ரெண்டு கம்ப்யூட்டர் கேஸ் ஃபேன் வெச்சிருக்கேன். ரெண்டுமே 120 மில்லிமீட்டர், ஒரே கம்பெனி. ஒண்ணு நாக்டுவா என்எஃப்-எஸ்12ஏ, இன்னொண்ணு என்எஃப்-எஃப்12. பழைய மாடலாச்சேன்னு நினைக்காதீங்க. காத்தோட்டத்துக்கு ஒண்ணு, அழுத்தத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வடிவமைச்சது இந்த ஜோடி. அதனால பாடம் படிக்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

கேமரா பக்கத்துல கொண்டு வர்றேன், பாருங்க. எஸ்12ஏ-வை விளக்குக்கு நேரா பிடிச்சா இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவுல வெளிச்சம் நல்லா தெரியுது. எஃப்12-ல இறக்கை அகலமா, நெருக்கமா இருக்கு. பின்னாடி திருப்புறேன். மோட்டாரைத் தாங்குற கம்பிகள் இதுல பதினொண்ணு, ஒவ்வொண்ணும் வளைஞ்ச தகடு மாதிரி. சுழிச்சுக்கிட்டு வர்ற காத்தை நேராக்கி, அந்த சுழலை அழுத்தமா மாத்துறது இதுங்க வேலை.

இப்ப டப்பாவுல என்ன போட்டிருக்கான்னு பாப்போம். எஸ்12ஏ, 1200 ஆர்பிஎம்: மணிக்கு 107.5 கன மீட்டர் காத்து, 1.19 மில்லிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம். எஃப்12, 1500 ஆர்பிஎம்: 93.4 கன மீட்டர், 2.61 மில்லிமீட்டர். வாங்குறவங்க பெரும்பாலும் இங்கதான் தடுமாறுறாங்க. அந்த 107.5 எப்ப கிடைக்கும்? ஃபேனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுமே இல்லாம, திறந்த வெளியில ஓடுறப்ப. அப்ப அழுத்தம் சுழியம். 1.19 எப்ப கிடைக்கும்? காத்து போற வழியை முழுசா அடைச்சிட்டா. அப்ப காத்து சுழியம். அதாவது இந்த ரெண்டு நம்பரும் ஒரு கோட்டோட ரெண்டு முனை. உங்க கேஸுக்குள்ள ஃபேன் எப்பவும் நடுவுல எங்கயோ ஒரு இடத்துலதான் ஓடிக்கிட்டிருக்கும். அந்த இடத்தை முடிவு பண்றது ஃபேன் இல்லை, அதுக்கு முன்னாடி இருக்கிற தடை.

ஒரு கணக்கு போட்டுப் பாத்துடலாம். ரெண்டு முனையையும் நேர்கோட்டால சேர்க்கிறேன். நிஜக் கோடு நேரா இருக்காது, நடுவுல தொய்யும், ஆனா ஒப்பிட்டுப் பாக்க இது போதும். தூசி ஃபில்டரும் முன் பேனலும் சேர்ந்து, 60 கன மீட்டர் போறப்ப 1 மில்லிமீட்டர் தடை கொடுக்குதுன்னு வெச்சுக்குவோம். காத்தோட வேகம் கூடக் கூடத் தடை அதோட வர்க்கமா ஏறும்னும் எடுத்துக்கிறேன். எஸ்12ஏ எவ்வளவு தள்ளும்? ஏறக்குறைய 48. எஃப்12? ஏறக்குறைய 59. திறந்த வெளியில தோத்தது இங்க ஜெயிச்சிடுச்சு. பாருங்க, 107-னு எழுதின ஃபேன் பாதிகூடத் தரலை.

இதைச் சொல்லி நிறைய பேர் "ஃபில்டர் இருந்தா அழுத்த ஃபேன் வாங்குங்க"ன்னு முடிச்சிடுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா ஒண்ணு 1200-ல ஓடுது, இன்னொண்ணு 1500-ல. வேகத்தைச் சமமாக்கிட்டுத்தான் ஒப்பிடணும். விதி இதுதான்: வேகம் எந்த அளவுக்குக் குறையுதோ காத்து அதே அளவுக்குக் குறையும், அழுத்தம் அதோட வர்க்கத்துக்குக் குறையும். வேகம் பாதியானா காத்து பாதி, அழுத்தம் கால்வாசி. எஃப்12-ஐ 1200-க்கு இறக்கினா 74.7 கன மீட்டர், 1.67 மில்லிமீட்டர்தான். அதே ஃபில்டருக்கு முன்னாடி வெச்சா? 47. எஸ்12ஏ 48. ரெண்டும் ஒண்ணுதான்!

அப்போ அழுத்த வடிவமைப்பு எங்க உதவுது? தடையை நாலு மடங்காக்கிப் பாருங்க. தடிமனான, நெருக்கமான ஃபின் இருக்கிற வாட்டர் கூலிங் ரேடியேட்டர்னு நினைச்சுக்கோங்க. ஒரே 1200-ல எஸ்12ஏ 28, எஃப்12 30. 1500-க்கு ஏத்தினா எஃப்12 37-ஐத் தாண்டிடும். ஆக, தடை கூடக் கூட இறக்கையோட வடிவம் கொஞ்சம் உதவுது, வேகத்தைக் கூட்ட இடம் இருக்கிறது நிறைய உதவுது. நான் போட்ட நேர்கோடு காத்தோட்ட ஃபேனுக்குக் கொஞ்சம் சாதகம்தான். தடை ரொம்ப ஏறினா இறக்கை மேல காத்து ஒட்டாம பிரிஞ்சிடும், அப்ப ஒரு விட்டு விட்டு வர்ற உறுமல் கேக்கும். ரேடியேட்டருக்குப் பின்னாடி அந்தச் சத்தம் கேட்டா ஃபேன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை, அந்த இடத்துக்கு அது பொருந்தலைன்னு அர்த்தம்.

கடையில நிக்கிறப்ப செய்ய வேண்டியது இதுதான். நீங்க நிஜமா ஓட்டப்போற வேகம் என்னன்னு முதல்ல யோசிங்க. 2000 ஆர்பிஎம்ல 3 மில்லிமீட்டர்னு போட்ட ஃபேனை, சத்தம் தாங்காம 1000-ல ஓட்டினா உங்களுக்குக் கிடைக்கிறது 0.75தான். பயோஸ்ல ஃபேன் கர்வ் போடுறப்பவும் இதை மறக்காதீங்க. ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கிற ஃபேனை 400, 500-ல விட்டா ஃபேன் சுத்துறது கண்ணுக்குத் தெரியும், காத்து உள்ள வர்றது ரொம்பக் குறைவு.

சரி, ஃபில்டருக்கு வருவோம். நைலான் வலையோட கண்ணி எவ்வளவு சின்னதோ அவ்வளவு தடை, தூசி படியப் படிய அது இன்னும் ஏறும். வாங்கின புதுசுல சரியா இருந்த செட்டப் மூணு மாசத்துல சூடாகிறதுக்குக் காரணம் இதுதான். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். ஒரு கேம் இல்லைன்னா வீடியோ ரெண்டரிங்கைப் பதினஞ்சு நிமிஷம் ஓட்டி, கிராபிக்ஸ் கார்டு வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் குறிச்சுக்கோங்க. ஃபில்டரை மட்டும் கழட்டிட்டு அதே வேலையைத் திரும்ப ஓட்டுங்க. ரெண்டு மூணு டிகிரிக்கு மேல இறங்கினா கழுவ வேண்டிய நேரம் வந்துடுச்சு. கழுவினா நிழல்ல நல்லா காயவெச்சு மாட்டுங்க, ஈரத்துல தூசி சேறு மாதிரி அப்பிக்கும்.

ஃபில்டர் மாட்டினதும் புதுசா ஒரு 'ங்ங்ங்'னு இரைச்சல் வருதா? காத்து உறிஞ்சுற பக்கத்துல வலை இறக்கையை ஒட்டி இருந்தா அப்படித்தான். வலையோட ஒவ்வொரு இழையும் காத்துல ஒரு சின்ன சுழல் விடும், இறக்கை அதை வெட்டிக்கிட்டே போகும். நடுவுல 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா அந்த இரைச்சல் நல்லா அடங்கும். இதுக்குன்னே 5 மில்லிமீட்டர் சட்டம் விக்கிறாங்க. பழைய செத்த ஃபேனோட இறக்கையை அறுத்து எடுத்துட்டு வெறும் சட்டத்தை நடுவுல வெச்சாலும் ஆகும், ஆனா 25 மில்லிமீட்டர் இடம் வேணும்.

இன்னொண்ணு. ஃபில்டர் வழியா வராத காத்து எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். ஒரு ஊதுபத்தி கொளுத்துங்க. மிஷினை ஓட்டிட்டு, பின்பக்கம் பிசிஐ தகடு ஓட்டைகள், பக்கவாட்டுப் பேனல் இடுக்கு, இங்கெல்லாம் கிட்ட காட்டுங்க. புகை வெளிய தள்ளப்பட்டா நல்லது. உள்ள இழுத்தா, ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை, தூசி அந்த இடுக்கு வழியா போகுது. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள, பின்னாடி ஒண்ணு வெளியன்னு எண்ணி வெச்சா மட்டும் போதாது. இப்பதான் பாத்தோமே, ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கிறது பாதிதான் தள்ளும். பின் ஃபேனுக்கு அந்தத் தடை இல்லை. அதை 200, 300 ஆர்பிஎம் குறைச்சுட்டு, புகை திசை மாறுதான்னு பாருங்க.

ரேடியேட்டர்ல ஃபேனைவிட ஓரக் கசிவுதான் பெரிய திருடன். ஃபேன் சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இடுக்கு இருந்தா, அழுத்தம் கொடுத்துத் தள்ளின காத்து ஃபின் வழியா போகாம ஓரமா ஓடிடும். மெல்லிசான ஃபோம் டேப்பை சட்டத்தைச் சுத்தி ஒட்டினா அடைஞ்சிடும். ஸ்க்ரூ விஷயத்துல கவனம். ரேடியேட்டரோட வந்த நீள ஸ்க்ரூ 25 மில்லிமீட்டர் ஃபேனுக்குக் கணக்குப் பண்ணினது. அதே ஸ்க்ரூவை 15 மில்லிமீட்டர் மெல்லிசு ஃபேன்ல போட்டா முனை நேரா தண்ணிக் குழாய்க்குள்ள இறங்கிடும், ரேடியேட்டர் போச்சு. முதல்ல ஃபேன்ல மட்டும் கோத்து, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு முறுக்குங்க.

இப்ப பேரிங். ஃபேனை எங்க மாட்டப்போறோம்ங்கிறதை வெச்சு இதைத் தேர்ந்தெடுக்கணும். மலிவு ஃபேன்ல வர்றது ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறின நுண்துளை வெண்கலக் குழாய், அதுக்குள்ள தண்டு சுத்தும். அவ்வளவுதான். முன்னாடியோ பின்னாடியோ நிமிர்த்தி மாட்டினா அமைதியா ஓடும். மேல்பக்கம் படுக்கவெச்சு மாட்டினா தண்டு செங்குத்தா நிக்கும், எண்ணெய் ஒரு முனைக்கு இறங்கும், கீழ இருந்து வர்ற சூடு அதை ஆவியாக்கும். அங்க ஸ்லீவ் வேண்டாம். எஃப்டிபி-ன்னு சொல்ற ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்ல மீன்முள் மாதிரி வரிகள் வெட்டியிருப்பாங்க. சுத்தும்போது அந்த வரிகளே எண்ணெயை நடுவுக்குத் தள்ளி அழுத்தத்துல வெச்சிருக்கும், முனையும் அடைச்சிருக்கும். மேல்பக்கத்துக்கும் ரேடியேட்டருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். டபுள் பால் பேரிங் எந்தப் பக்கமா வெச்சாலும் ஓடும், சூட்டையும் தாங்கும், அதான் சர்வர்ல அது. ஆனா கொஞ்சம் சத்தம், கீழ போட்டா குண்டு பள்ளம் விழுத்திடும், அப்புறம் காலத்துக்கும் கரகரன்னுதான் இருக்கும். 'ஹைட்ராலிக்', 'ஹைட்ரோ'ன்னு மட்டும் எழுதியிருந்தா பெரும்பாலும் மேம்படுத்தின ஸ்லீவ்தான். அங்க பேரைப் பாக்காதீங்க, வாரண்டி எத்தனை வருஷம்னு பாருங்க.

எந்த பேரிங் சாகுதுன்னு சத்தமே சொல்லும். காலைல ஆன் பண்ணினதும் கடகடன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல அடங்கினா, எண்ணெய் வத்தின ஸ்லீவ். சூடான எண்ணெய் இளகிப் பரவுற வரைக்கும்தான் அந்தக் கடகட. எந்த வேகத்துலயும் விடாம கரகரன்னா பால் பேரிங். பவரை அணைச்சுட்டு நடு மூடியைப் பிடிச்சு பக்கவாட்டுல மெல்ல ஆட்டுங்க. முன்னும் பின்னும் துளி அசையறது சாதாரணம், பக்கவாட்டுல டக் டக்குன்னு ஆடினா தேஞ்சு போச்சு.

ஸ்லீவ்னா கொஞ்ச நாள் இழுக்கலாம். பின் ஸ்டிக்கரைப் பாதி உரிச்சு, ரப்பர் மூடி இருந்தா எடுத்துட்டு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டா பிசுபிசுத்து தூசியோட கெட்டியாகிடும். எண்ணெய் வழிஞ்ச இடத்தை ஸ்பிரிட்டால துடைச்சுட்டுத்தான் ஸ்டிக்கரைத் திரும்ப அமுக்கணும், இல்லைன்னா ஒட்டாது, ஒரு வாரத்துல தூசி உள்ள போயிடும். எஃப்டிபி-யை மட்டும் இப்படித் திறக்காதீங்க. அதோட அடைப்பு போச்சுன்னா அதுவும் ஸ்லீவ் மாதிரி வத்த ஆரம்பிச்சிடும்.