பணம் அனுப்பிய ரசீதில் பார்க்க வேண்டிய மூன்று வரிகள்

நேயர்களுக்கு வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் வந்து சேரும் இடத்தில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தப் பணத்துக்கு அங்கே கொடுக்கப்படும் ரசீதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓர் அம்மா கிளைக்கு வந்தார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் முந்தின நாள் 47,000 ரூபாய் அனுப்பியதாகச் சொல்லியும் தன் பாஸ்புக்கில் அது ஏறவில்லை என்றார். மகன் கைப்பேசியில் அனுப்பியிருந்த ரசீதின் படத்தைக் காட்டினார். அதில் அம்மாவின் பெயரும் வங்கியின் பெயரும் கிளையின் குறியீடும் சரியாக இருந்தன. பாஸ்புக்கை ரசீதுக்குப் பக்கத்தில் வைத்து எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோதுதான், கணக்கு எண்ணின் பின்பாதியில் 4175 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4715 என்று இருந்தது தெரிந்தது. இடம் மாறிய அந்த இரண்டு இலக்கங்களால் பணம் எங்கள் கிளையிலேயே கணக்கு வைத்திருந்த வேறொருவருக்குப் போயிருந்தது. அவர் அதில் பெரும்பகுதியை அன்று காலையிலேயே எடுத்தும் விட்டார்.

பெயர் சரியாக இருந்தும் பணம் எப்படி வேறொருவருக்குப் போகும் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அது நியாயமான கேள்வி. வெளிநாட்டில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தில் கட்டும் பணம், அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஓர் இந்திய வங்கிக்கு முதலில் தகவலாக வருகிறது. நம் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், அந்த இந்திய வங்கி உள்நாட்டுப் பரிமாற்ற முறைகளான நெஃப்ட் அல்லது ஐ.எம்.பி.எஸ். வழியாகப் பணத்தை நம் வங்கிக்கு அனுப்புகிறது. இத்தகைய மின்னணுப் பரிமாற்றங்களில் பணம் கணக்கு எண்ணை மட்டுமே வைத்து வரவு வைக்கப்படும் என்றும், பெயர் அதற்குப் பயன்படுத்தப்படாது என்றும் ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே ரசீதில் பெயர் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது, உறையின் மேல் பெயரைச் சரியாக எழுதிவிட்டுக் கதவு எண்ணை மாற்றி எழுதியதற்கு ஒப்பாகும்.

கணக்கு எண்ணில் பிழை எங்கே நேர்கிறது என்பதும் முக்கியம். பல வங்கிகளில் எண்ணின் முற்பகுதி கிளையையோ கணக்கின் வகையையோ குறிக்கும். பிற்பகுதி வரிசை எண்ணாக இருக்கும். முற்பகுதியில் தவறினால் அப்படியொரு கணக்கே இல்லாமல் போய், பணம் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. பிற்பகுதியில் தவறினால் நம் ஊர்க்காரர் ஒருவரின் உயிருள்ள கணக்கில் போய் விழலாம். எனவே எண்ணை முழுதாக ஒரு பார்வை பார்ப்பது போதாது. ஐந்தைந்தாகவோ நான்கு நான்காகவோ பிரித்து ஒருவர் பாஸ்புக்கிலிருந்து வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ரசீதில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்த இலக்கங்களையும் எண்ண வேண்டும். ஸ்டேட் வங்கியின் கணக்கு எண் 11 இலக்கம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் எண் 15 இலக்கம். நடுவில் பூஜ்யங்கள் வரிசையாக வரும் எண்களில்தான் ஒன்று குறைந்து போவதை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அடுத்தது கிளைக் குறியீடு, அதாவது ஐ.எஃப்.எஸ்.சி. இதில் மொத்தம் 11 எழுத்துகள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் குறியீடு IOBA0 என்று தொடங்கும். அதில் இரண்டாவது இடத்தில் இருப்பது ஆங்கில எழுத்து, ஐந்தாவது இடத்தில் இருப்பது எண். கையால் எழுதிக் கொடுத்த தாளில் இவை இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வங்கி சரியாக இருந்து கிளை மட்டும் தவறினால், இன்று எல்லாக் கிளைகளும் ஒரே கணினி அமைப்பில் இருப்பதால் பணம் பெரும்பாலும் சேர்ந்துவிடும். முதல் நான்கு எழுத்துகள் தவறினால் பணம் வேறு வங்கிக்கே போகும். வங்கிகள் இணைந்தபோது இந்தத் தொல்லை பெருகியது. கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைந்த பிறகு, LAVB என்று தொடங்கிய குறியீடுகள் செல்லாமல் போய் DBSS என்று தொடங்குபவை வந்தன. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தபோதும் அவ்வாறே ALLA மறைந்து IDIB வந்தது. பழைய பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பும் வீடுகளில் இந்தப் பழைய குறியீடு இன்னமும் பயணம் செய்கிறது.

பெயரால் பணம் திசை மாறுவதில்லை என்றேன். ஆனால் பெயரால் பணம் தடைப்படும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகை என்பதால் சில வங்கிகள் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் நிறுத்தி வைக்கின்றன அல்லது திருப்பி அனுப்புகின்றன. வங்கியில் LATCHUMI என்று இருப்பதை மகன் LAKSHMI என்று எழுதுவது, முன்னெழுத்து மட்டும் இருக்கும் இடத்தில் தந்தை பெயரை முழுதாக எழுதுவது, மனைவியின் கணக்கு திருமணத்துக்கு முந்தைய பெயரில் இருப்பது ஆகியவைதாம் நான் கண்ட வழக்கமான வேறுபாடுகள். திரும்பி வரும் பணமும் முழுதாக வருவதில்லை. ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் 50 காசு என்ற விலையில் 2,000 திர்ஹாம் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். அந்த 47,000 ரூபாய் திரும்பும் நாளில் விலை 23 ரூபாய் 70 காசாக இருந்து, அந்த விலையிலேயே மாற்றிக் கொடுத்தால், கையில் கிடைப்பது ஏறத்தாழ 1,983 திர்ஹாம்தான். அனுப்பும் கட்டணம் அதற்கு மேல் தனியாகப் போகும்.

இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இப்போது ஒரு வழி இருக்கிறது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் அனுப்புபவர், பெறுபவரின் பெயரை முன்கூட்டியே பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஊரில் இருக்கும் தம்பியோ தங்கையோ தம் வங்கியின் கைப்பேசிச் செயலியில் அம்மாவின் கணக்கு எண்ணையும் குறியீட்டையும் இட்டால், வங்கிப் பதிவில் உள்ள பெயர் திரையில் தோன்றும். அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினால் எண், குறியீடு, பெயர் மூன்றும் ஒருசேர உறுதியாகிவிடும். பாஸ்புக் படத்தை விட நான் இதையே நம்புவேன்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, கவுன்டரில் கையெழுத்திடுவதற்கு முன் ரசீதைப் படியுங்கள். கையெழுத்திட்டபின் விவரங்களை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பழைய பதிவிலிருந்து எடுத்து அனுப்புகிறேன் என்று ஊழியர் சொன்னாலும், பின்னால் வரிசை நீண்டு நின்றாலும், அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே வந்தபின் பிழை கண்ணில் பட்டால் உடனே திரும்பிப் போய்த் திருத்தமோ ரத்தோ கேளுங்கள். தகவல் இந்திய வங்கிக்குப் போகாத வரையில் அது எளிது. அதே நேரத்தில் ஊரில் உள்ளவர்கள் ரசீதின் படத்தோடு, தவறான கணக்கு இருக்கும் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். ஒருவர் கணக்கில் வரவாகிவிட்ட பணத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வங்கி தானாக எடுத்துத் தந்துவிட முடியாது. நான் சொன்ன அம்மாவின் பணத்தில் கணக்கில் மிச்சமிருந்த 9,000 ரூபாய், அந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதால் அன்று மாலையே கிடைத்தது. மீதி 38,000 ரூபாயை அவர் நான்கு தவணைகளாகக் கட்டி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.