கரண்ட் போனாலும் இன்டர்வியூ நிற்காது: புளியரையில் என் ஏற்பாடு

வணக்கம் மக்களே! வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு இன்டர்ன்ஷிப் வீடியோ இன்டர்வியூ. நம்ம புளியரையில் சாரல் காலத்தில் கரண்ட் எப்படி ஆடும் என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் இதைப் பாருங்கள், ரவுட்டருக்கான மினி யுபிஎஸ்! செங்கோட்டையில் 1,600 ரூபாய் சொன்னார்கள். தென்காசியில் அதே பெட்டி 1,250. அண்ணாச்சியிடம் கெஞ்சி 1,150-க்கு வாங்கினேன். 450 ரூபாய் மிச்சம், மக்களே!

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கணத்தில் பல்பு லேசாகச் சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் ரவுட்டர் அணைந்து புதிதாகக் கிளம்பும். நெட் திரும்ப இரண்டு நிமிடம் ஆகும். இன்டர்வியூவில் அது பெரிய நேரம். அதனால் ரவுட்டரை மினி யுபிஎஸ்ஸில் மாட்டி, ஜூமில் தோழியோடு பேசிக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தேன். குரல் அறுபடவே இல்லை!

அடுத்து நெட். ஸ்பீட் டெஸ்ட்டில் டவுன்லோட் 60 எம்பிபிஎஸ் காட்டுவதை நான் நம்ப மாட்டேன். நம் முகம் அவர்களுக்குப் போவது அப்லோடில். ஜூமில் 720பி தெளிவுக்கு ஏறக்குறைய 1.2 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அது சீராக வர வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதைப் போடுங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

நாம் அனுப்புவதற்குப் பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று நூறு தடவை காட்டும். வைஃபையில் பெரும்பாலும் 30 மில்லி செகண்ட் வந்தது. நடுநடுவே 400-க்குத் தாவியது, `Request timed out` என்றும் வந்தது. பேச்சு விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்தேன், எண்கள் ஒரே சீராக நின்றன. இன்டர்வியூ நடக்கும் அதே நேரத்தில், முந்தின நாளே சோதியுங்கள்.

அட, யுபிஎஸ்ஸில் ஒன்று விட்டுப்போச்சு. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். என்னுடையது 12 வோல்ட், 1 ஆம்பியர். யுபிஎஸ் தரும் வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் குறையக் கூடாது. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

அறைக்கு வருவோம். முன்னறையில் தகரக் கூரை, சாரல் விழுந்தால் பேச்சே எடுபடாது. அதனால் கான்கிரீட் போட்ட பின்னறை. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கருப்பாக்கிவிடும், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மேசையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். மேகம் மூடினால் டியூப்லைட் போடணும், அப்போது திரையில் கோடுகள் ஓடும். விண்டோஸ் கேமரா செட்டிங்கில் `Flicker reduction` என்று இருந்தால் 50 Hz வையுங்கள், நம் ஊர் கரண்ட் அதுதான்.

மாற்றுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட். எல்லையோரம் என்பதால் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். ஜன்னலோரம் எந்தப் பக்கம் வைத்தால் நம்ம சிக்னல் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டேன்.