'டக்' என்று சத்தம் கேட்ட இடுப்பு நல்ல இடுப்பு! அப்படியானால் கோளாறு எங்கே?

[திரையில்: மல்லாந்து படுத்திருக்கும் பொம்மைக் குழந்தை. ஒரு கை அதன் வலது காலை மெல்ல விரிக்கிறது.]

டயபர் மாற்றுகிறீர்கள். காலை லேசாக விரித்ததும் 'டக்'. விரலைச் சொடுக்கினாற்போல ஒரு சத்தம். அடுத்த நாளும் அதே சத்தம். கையில் போன், நள்ளிரவு, தேடல், பயம். அப்புறம் தூக்கம் ஏது?

இன்று ஒரு குழந்தையை வைத்துப் பேசப்போகிறேன். கற்பனைக் குழந்தைதான், ஆனால் அவளிடம் இருப்பதெல்லாம் உண்மையில் நடப்பவை. ஏழு வாரப் பெண் குழந்தை. வீட்டின் முதல் குழந்தை. வயிற்றில் தலை மேலே, இடுப்பு கீழே என்று உட்கார்ந்திருந்ததால் ஆபரேஷனில் பிறந்தவள். அம்மா மூன்று புகார்களோடு வருகிறார்: வலது காலில் 'டக்' சத்தம், இடது தொடையில் கூடுதலாக ஒரு மடிப்பு, தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது. இந்த மூன்றில் அம்மா கடைசியாக, போகிறபோக்கில் சொன்னதுதான் முக்கியமானது. எது என்று யூகித்து கமெண்டில் போடுங்கள், வீடியோவை நகர்த்திப் பார்க்காமல்!

[திரையில்: இடுப்பு மூட்டின் படம்.]

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இடுப்பு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். சில குழந்தைகளுக்கு அந்தக் குழி ஆழமில்லாமல் இருக்கும், சிலருக்குப் பந்து வெளியிலேயே கிடக்கும். அவ்வளவுதான் பின்னணி.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தமிழில் 'குழவி' என்றால் கைக்குழந்தை. ஆட்டுக்கல்லின் குழியில் உட்கார்ந்து சுற்றும் கல்லுக்கும் குழவி என்றுதான் பெயர். இடுப்பு மூட்டை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். ஆட்டுக்கல்லில் கல்தச்சன் முதலில் குழியைச் செதுக்கிவிடுவான், குழவி அதற்குப் பிறகு வந்து உட்காரும். குழந்தையின் இடுப்பில் குழியைச் செதுக்குவதே குழவிதான்! பிறந்தபோது அந்தக் குழியின் பெரும்பகுதி குருத்தெலும்பு, அதாவது இன்னும் இறுகாத பொருள். தொடை எலும்பின் தலை உள்ளே சரியாக உட்கார்ந்து அசைய அசையத்தான் குழி அதைச் சுற்றி ஆழமாகவும் வட்டமாகவும் வளர்கிறது. தலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தால், செதுக்க ஆள் இல்லாத குழி தட்டையாகவே இறுகிவிடும். முதல் ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் கால்களை விரித்துப் பிடிக்கும் வெறும் பட்டையால் சரியாவது, நடக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் போவது இதனால்தான். பட்டை குழியைச் சரிசெய்வதில்லை. குழவியைக் குழிக்குள் பிடித்து வைக்கிறது, மீதியைக் குழவி பார்த்துக்கொள்ளும்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு சொற்கள், 'டக்', 'தடக்'.]

'டக்' வேறு, 'தடக்' வேறு. 'டக்' என்பது மெல்லிய, கூர்மையான சொடக்கு. தசைநாரோ தசைப்பட்டையோ எலும்பின் மேடு மீது வழுக்கிப்போகும்போது வருவது. பல சமயம் அது இடுப்பிலிருந்தே வருவதில்லை, முழங்காலிலிருந்து வரும். இடுப்பு நன்றாக இருக்கும் குழந்தைகளிடமும் இது சர்வ சாதாரணம். 'தடக்' காதுக்கானது அல்ல, கைக்கானது. பந்து குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுவதைப் பரிசோதிக்கும் மருத்துவரின் விரல் உணரும். கதவு நிலையில் சரியாகப் பொருந்தும்போது கையில் ஒரு அதிர்வு தெரியுமே, அதுபோல.

இந்த உள்ளே விழும் 'தடக்'கை 1930-களில் விவரித்தவர் மரினோ ஓர்டோலானி என்ற இத்தாலியக் குழந்தை மருத்துவர். குழந்தையின் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையை வெளிப்பக்கம் விரித்து, பின்னாலிருந்து விரலால் மெல்லத் தூக்குவது அவர் பெயரில் உள்ள பரிசோதனை. இதற்கு எதிர்த்திசையில், உள்ளே இருக்கும் பந்து வெளியே நழுவுகிறதா என்று பார்ப்பது பார்லோ பரிசோதனை. அதை பார்லோ என்ற மருத்துவர் 1962-ல் வெளியிட்டார். இரண்டையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தளர்ந்த மூட்டை அழுத்தித் தள்ளிப் பழகுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல், இந்தப் பரிசோதனைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. இரண்டு, மூன்று மாதம் ஆனதும் தசைகள் இறுகிவிடும். பந்து வெளியே இருந்தாலும் 'தடக்' வராது. அந்த வயதில் கவனிக்க வேண்டியது, கால் எவ்வளவு விரிகிறது என்பதைத்தான். மல்லாந்து படுத்த குழந்தையின் இரண்டு தொடைகளையும் மடக்கி விரிக்கும்போது ஒன்று தரையை நோக்கிச் சரிந்து, மற்றொன்று பாதியிலேயே நின்றால் அது கனமான அறிகுறி. டயபர் மாற்றும்போது ஒரு கால் மட்டும் அடம்பிடிப்பதாக அம்மாக்கள் சொல்வது இதைத்தான். இரண்டு இடுப்பும் நழுவியிருந்தால் ஒப்பிட நல்ல பக்கமே இருக்காது. இரண்டுமே சமமாகக் குறைவாக விரியும், பார்க்க ஒழுங்காகத் தெரியும். நிறைய பேர் ஏமாறும் இடம் இது.

மடிப்புக்கு ஒரே பத்தி போதும். இடுப்பில் எந்தக் கோளாறும் இல்லாத குழந்தைகளிலேயே சுமார் நாலில் ஒருவருக்குத் தொடை மடிப்புகள் சமமாக இருக்காது. கொழுகொழுவென்று இருக்கும் தொடையில் கொழுப்பு தன் இஷ்டப்படி மடங்குகிறது. மடிப்பு மட்டும்தான் என்றால் பயம் வேண்டாம். மடிப்போடு கால் விரிவதில் குறையோ, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஒட்டி வைக்கும்போது ஒரு முழங்கால் தாழ்வாகவோ இருந்தால் காட்டுங்கள்.

[திரையில்: தலை சாய்ந்த பொம்மை.]

இப்போது யூகத்துக்கு விடை. தலை சாய்வுதான்!

காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் முன்பக்கமாக இறங்கி நெஞ்செலும்பையும் காறையெலும்பையும் பிடிக்கும் ஒரு தசை உண்டு. அது ஒரு பக்கம் குட்டையாக இறுகினால் தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். நம் குழந்தைக்குத் தலை வலப்பக்கம் சாய்கிறது, முகம் இடப்பக்கம் பார்க்கிறது. எனவே இறுகியது வலது தசை. சில குழந்தைகளுக்குப் பிறந்து இரண்டு, மூன்று வாரத்தில் அந்தத் தசையில் சின்னக் கொட்டை போல ஒரு கட்டி தட்டுப்படும். அது புற்றுநோய் அல்ல, சில மாதங்களில் தானே கரையும்.

கழுத்துக்கும் இடுப்புக்கும் என்ன உறவு? இரண்டையும் இணைப்பது இட நெருக்கடி. கருப்பையில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த குழந்தைக்குக் கழுத்தும் இறுகலாம், இடுப்பும் விளிம்புக்குத் தள்ளப்படலாம். கழுத்து இறுக்கம் உள்ள குழந்தைகளில் இடுப்புக் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், கழுத்தைப் பார்த்ததும் இடுப்பையும் பார்ப்பது வழக்கம். இவள் பெண் குழந்தை, முதல் குழந்தை, இடுப்பு கீழாக இருந்தவள். மூன்றுமே இடுப்புக் கோளாறுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை. குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் அதுவும் சேரும்.

[திரையில்: பரிசோதனை மேசை.]

மேசையில் என்ன நடந்தது? வலது காலில் 'டக்' கேட்டது. விரல் வைத்துப் பார்த்தால் முழங்காலிலிருந்து. ஓர்டோலானி, பார்லோ இரண்டும் இரு பக்கமும் அமைதி. கால்கள் நன்றாக விரிகின்றன. இங்கேயே விட்டிருந்தால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பிறந்த நிலையையும் கழுத்தையும் பார்த்து மருத்துவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதினார்.

ஏன் ஸ்கேன், ஏன் எக்ஸ்ரே இல்லை? தொடை எலும்பின் தலை நடுவே எலும்பு தோன்றுவதே நான்கு முதல் ஆறு மாதத்தில்தான். அதற்கு முன் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, ஸ்கேனில் தெரியும். பிறந்த உடனேயே எடுத்தால், தானாகச் சரியாகப்போகும் தளர்வையும் பயந்து பிடிப்போம். அதனால் சந்தேகத்துக்காக எடுக்கும் ஸ்கேன் பொதுவாக ஆறு வாரத்தை ஒட்டி. படத்தில் குழியின் கூரை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று ஒரு கோணம் அளப்பார்கள். 60 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல குழி.

வலது இடுப்பு, அதாவது சத்தம் போட்டது, 64. இடது இடுப்பு, வாயே திறக்காதது, 47.

[மூன்று நொடி மௌனம். இசை வேண்டாம்.]

50-லிருந்து 59 வரை இருந்திருந்தால் இந்த வயதில் சில வாரம் காத்திருந்து மறுபடி பார்க்கலாம். 47-க்குச் சிகிச்சை. பாவ்லிக் பட்டை போட்டார்கள். தோளிலிருந்து இரண்டு கால்களுக்கும் இறங்கும் மெத்தென்ற பட்டைகள். தொடைகளை மடக்கி, தவளைபோல் விரித்து வைக்கும். கால்கள் உதைக்கலாம், நேராக நீட்ட மட்டும் முடியாது. கிட்டத்தட்ட நாள் முழுவதும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இறுக்கத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். தொடையை அதிகம் மடக்கினால் நரம்பு அழுந்தும். அதற்கான அடையாளம், குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிடுவது. அன்றே போன் செய்யுங்கள். அதிகம் விரித்து இறுக்கினால் தொடை எலும்புத் தலையின் ரத்த ஓட்டம் கெடும். அதனால் 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சீக்கிரம் ஆகும்' என்று வீட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. அன்பான பாட்டிகள் உட்பட!

துணியில் சுற்றுவது பற்றி நிறைய பேர் கேட்பீர்கள். கைகளைச் சுற்றலாம், கால்களை நேராக்கிச் சேர்த்து இறுக்கிச் சுற்றக் கூடாது. தொடைகள் மடங்கி விரிய இடம் வேண்டும்.

கழுத்துக்கு வேலை தனி. எலும்பிலோ கண்ணிலோ காரணம் இல்லை என்று மருத்துவர் பார்த்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த நீட்டல்: இடது காதை இடது தோள் பக்கம் மெல்லச் சாய்த்துப் பிடிப்பது, முகத்தை வலப்பக்கம் திருப்புவது. பொம்மையும் அம்மாவின் முகமும் இனி வலப்பக்கம்தான். விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைப்பது, தூங்கும்போது மல்லாந்துதான். மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். ஆனால் நேற்றுவரை நேராக இருந்த தலை திடீரென்று சாய்ந்தாலோ, சாய்வோடு வாந்தி, காய்ச்சல், சோர்வு வந்தாலோ அது வேறு கதை. நீட்டல் வேண்டாம், அன்றே மருத்துவமனை.

நம் குழந்தைக்குப் பத்தாவது வார ஸ்கேனில் இடது இடுப்பு 55, பதினைந்தாவது வாரத்தில் 62. பட்டை கழன்றது. தலை நேரானது கொஞ்சம் பிந்தி, ஐந்தாம் மாதத்தில். குழி தொடர்ந்து வளர்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, நடக்க ஆரம்பித்ததும் இன்னொன்று என்று தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வலது முழங்காலில் 'டக்' இன்னும் கேட்கிறது. அம்மா இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.