விலையைச் சொல்லிவிடலாமா? ஒரு நாளைக்கு 600 ரூபாயில் ஒரு விளம்பரச் சோதனை

[திரை: களுவாஞ்சிகுடி வீடொன்றின் குசினி. மேசையில் 400 கிராம் சத்துமாப் பொதிகள்.]

வணக்கம். பேஸ்புக்கில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்து "விலை என்ன?" என்று கேட்டால், "இன்பொக்ஸ் வாங்க" என்று பதில் வரும். நம்ம பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் விற்கிறார்கள். விலையை மறைத்தால் ஆட்கள் கேட்டு வருவார்கள், வந்தவரைப் பேசிப் பிடிக்கலாம் என்ற நினைப்பு. அது உண்மையா என்று காசு கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

கணக்கு விளங்க ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம். குரக்கன், பயறு, உழுந்து, கஜு வறுத்து அரைத்த சத்துமா செய்கிறார். ஒரு பொதி 600 ரூபாய். சாமான், பொதி, அரவைக்கூலி எல்லாம் 380 போக, கையில் நிற்பது 220. கூரியர் காசு வாங்குபவருடையது. ஆகவே, ஒரு ஓடரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 220 ரூபாய்க்கு மேல் போனால் நட்டம். இந்த எண்ணைக் கொப்பியில் முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் விளம்பரம் போட வேண்டும்.

[திரை: கொப்பியில் 220 என்று வட்டமிடுதல்.]

பதிவுக்குக் கீழே நீல நிறத்தில் வரும் Boost பொத்தானை இதற்குப் பாவிக்க வேண்டாம். பேஸ்புக்கின் விளம்பரக் கருவியான Ads Manager-க்குள் போங்கள். நோக்கமாக Engagement, உரையாடல் வரும் இடமாக WhatsApp. பிறகு, இரண்டு விளம்பரத்தைப் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடும் A/B test. இரண்டு விளம்பரத்திலும் ஒரே படம், ஒரே தலைப்பு, ஒரே ஊர்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. முதலாவதில் "விபரத்துக்கு மெசேஜ் பண்ணுங்க". இரண்டாவதில் "400 கிராம் 600 ரூபாய், கூரியர் 350". படத்தையும் சேர்த்து மாற்றினால், வென்றது விலையா படமா என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 300 ரூபாய், பத்து நாள். ஒரு நாளில் 300ஐத் தாண்டிப் போனால் பயப்பட வேண்டாம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா சில நாளில் கூட எடுக்கும், சில நாளில் குறைய எடுக்கும், கிழமைக் கணக்கில் 2,100ஐத் தாண்டாது.

இரண்டையும் ஒரே காசும் ஒரே இலக்கு ஆட்களும் உள்ள ஒரே தொகுதிக்குள், அதாவது ஒரே ad set-க்குள் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போட்டால் மெட்டா முதல் ஓரிரு நாளிலேயே ஒன்றைத் தெரிவு செய்து, பெரும்பகுதிக் காசை அதற்கே தள்ளிவிடும். மற்றது பட்டினி கிடக்கும். A/B test என்றால் காசும் சமம், பார்க்கும் ஆட்களும் வேறு வேறு. ஒருவருக்கே இரண்டும் காட்டப்படாது. இந்தக் கிழமை ஒன்று, அடுத்த கிழமை மற்றது என்று ஓட்டுவதும் சரிவராது. சம்பளம் வந்த கிழமையில் ஓடிய விளம்பரம் சும்மாவே வெல்லும்.

[திரை: வரைபடம். மட்டக்களப்பைச் சுற்றி ஒரு வட்டம், அதில் பெரும்பங்கு கடலும் வாவியும்.]

இடத் தெரிவில் ஒரு சிரிப்பு. மட்டக்களப்பில் புள்ளி வைத்து வட்டம் போட்டால் பாதி மீனுக்குத்தான் விளம்பரம். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர்களாகச் சேருங்கள். ஆனால் ஊருக்கு ஒரு ad set என்று உடைக்க வேண்டாம், 300 ரூபாய் அதைத் தாங்காது. ஓடத் தொடங்கியபின் கைவைக்கவும் வேண்டாம். எழுத்தையோ இலக்கு ஆட்களையோ மாற்றினால், யாருக்குக் காட்டலாம் என்று மெட்டா படித்ததை விட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கும்.

மெசேஜ் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? வாங்குபவர் அனுப்புவதற்கு முன்கூட்டியே எழுதி வைக்கும் வசனத்தில், ஒன்றின் கடைசியில் முற்றுப்புள்ளி வையுங்கள், மற்றதில் வைக்காதீர்கள். வாங்குபவர் கவனிக்கமாட்டார், உங்களுக்குத் தெரியும். வந்தவுடன் WhatsApp Business-இல் ஒரு நிற லேபிள் போட்டுவிட்டால் பிறகு எண்ணுவது சுகம்.

இப்போது மூன்றாம் நாள். விலை சொல்லாத விளம்பரத்தில் மூன்று ஓடர். விலை சொன்னதில் ஒன்று. அக்காவுக்குக் கை துடிக்கிறது, இரண்டாவதை நிறுத்திவிடலாமா என்று.

[திரை: 3 – 1]

நிறுத்தக் கூடாது. சின்ன எண்கள் தற்செயலாகவே இப்படி ஆடும். ஒரு சுருக்கமான கணக்கு இருக்கிறது. இரண்டு பக்க ஓடரையும் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், அதை இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நம்பலாம். மூன்றும் ஒன்றும் நான்கு, வர்க்கமூலம் இரண்டு, இருமடங்கு நான்கு. வித்தியாசமோ இரண்டுதான். ஆகவே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. காசு இரண்டு பக்கமும் சமமாகப் போனால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

பத்தாம் நாள். விலை சொல்லாததற்கு 62 மெசேஜ், சொன்னதற்கு 40. Ads Manager-இல் இதை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் ராசா. ஒரு மெசேஜ் 48 ரூபாய், மற்றதில் 75. ஆனால் கொப்பியைத் திறந்தால் முதலாவதில் 7 ஓடர், இரண்டாவதில் 18. கூட்டினால் 25, வர்க்கமூலம் 5, இருமடங்கு 10, வித்தியாசம் 11. கொஞ்சத்தில்தான் தாண்டுகிறது, ஆனாலும் தாண்டுகிறது. ஓடர் ஒன்றுக்கான செலவு முதலாவதில் 429 ரூபாய், இரண்டாவதில் 167.

நடந்தது இதுதான். முதலாவதில் வந்த 62 பேரில் பலர் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனவர்கள். இரண்டாவதில் அவர்கள் விளம்பரத்தைப் பார்த்ததோடேயே விலகிவிட்டார்கள். மெட்டாவுக்கு மெசேஜ்தான் தெரியும், மெசேஜுக்குப் பிறகு நீங்கள் வட்ஸ்அப்பில் பேசி விற்றீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. தெரிவை அதன் கையில் விட்டிருந்தால், மெசேஜ் மலிவு என்று நட்டம் தரும் விளம்பரத்துக்கே காசைத் தள்ளியிருக்கும்.

[திரை: கதவடியில் கூரியர், திரும்பி வந்த இரண்டு பொதிகள்.]

இங்கே நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அனுப்பிய 18 பொதியில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. "அக்கா நான் வீட்ட இல்ல" என்று ஒருவர், மற்றவர் போனே எடுக்கவில்லை. பொதி வந்தபின் காசு என்ற முறையில் இது சகஜம், அந்தக் கூரியர் காசு நம்ம தலையில். இப்போது கணக்கைப் பாருங்கள். காசு வந்தது 16 பொதிக்கு, தலா 220 வீதம் 3,520. விளம்பரம் 3,000. திரும்பிய இரண்டுக்கும் கூரியர் 700. வென்ற விளம்பரமே 180 ரூபாய் நட்டம்.

ஆகவே ஓடரைப் போன் பேசி உறுதிப்படுத்தியபின்தான் அனுப்புவது, கொப்பியில் எண்ணுவது பொதி கையில் சேர்ந்தபின்தான் என்று அக்கா இரண்டு விசயத்தை மாற்றுகிறார். 600 ரூபாய்ப் பொருளுக்கு 350 கூரியர் கொடுக்க வாங்குபவருக்கும் மனம் வராது. அதனால் அடுத்த சோதனையில் விலை போட்ட விளம்பரம் அப்படியே ஒரு பக்கம். மறுபக்கம் அதே படத்துடன் "இரண்டு பொதி 1,200, கூரியர் அதே 350". ஓடருக்கு 440 நிற்கும். இரண்டு ஓடர் திரும்பி வந்தாலும் ஒன்பது ஓடர் கையில் சேர்ந்தால் செலவு போக 260 மிஞ்சும். திங்கட்கிழமை காலையில் இரண்டையும் ஒன்றாகத் தொடங்குகிறார், அதே 300, அதே பத்து நாள்.