நாலு பிஸ்டனும் ஒரே உயரத்தில் நிற்கும் நேரம்
(திருகோணமலையில் வாகனத் திருத்துநர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஹையேஸ் வானின் டூ எல் டீசல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய தம்பிமார் இங்கே இருக்கிறீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 92 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமான ஸ்ட்ரோக்கும் 92தான். ஆரம் 4.6 சென்ரிமீற்றர். அதை அதாலேயே பெருக்கி, 3.1416ஆலும் 9.2ஆலும் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 611.6 சிசி. நாலுக்கும் 2446.

போர் கணக்கில் இரண்டு தரம் வருகிறது. அதனால் போரில் ஒரு மில்லிமீற்றர் கூட்டினால் ஏறக்குறைய 53 சிசி ஏறும். ஸ்ட்ரோக்கில் கூட்டினால் பாதிதான். நீங்கள் தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீற்றர் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும்போது 27 சிசிதான் கூடுகிறது. எஞ்சின் புதுப்பலம் பெற்றதாக வான்காரர் சொல்வார். அது கொம்ப்ரெஷன் திரும்பி வந்த பலம், சிசி தந்ததல்ல.

சரி, அதிர்வுக்கு வருவோம். இன்லைன் நாலு சிலிண்டரில் ஓரத்து இரண்டு பிஸ்டனும் மேலே இருந்தால் நடு இரண்டும் கீழே இருக்கும். ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கிராங்கைக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். நாலும் ஒரே உயரத்தில் நிற்கும், அதுவும் ஸ்ட்ரோக்கின் நடுவில் அல்ல, அதற்குக் கீழே! கொனெக்டிங் ரொட் சரிந்து நிற்பதால் அதன் உயரம் குறைந்து பிஸ்டனை இழுத்துவிடுகிறது. முக்கால் சுற்றிலும் இதே கதை. ஆகவே நாலு பிஸ்டன்களின் மொத்த எடையும் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் இறங்கி ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் இந்த உலுக்கல் நாலு மடங்காகும். சில பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலும் பலன்ஸ் ஷாஃப்ட் இருப்பது இதற்குத்தான்.

ஐட்லிங்கில் வான் குலுங்கினால் இதைக் குற்றம் சொல்லாதீர்கள். மவுண்டையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

பொக்ஸர் எனப்படும் படுக்கை எஞ்சினில், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இருப்பது போல, எதிரெதிர்ப் பிஸ்டன்கள் சேர்ந்தே வெளியே போய்ச் சேர்ந்தே உள்ளே வரும். உலுக்கல் அங்கேயே அடங்கிவிடும். ஆனால் அவை நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலகி இருப்பதால் எஞ்சின் இலேசாகத் திருகும். உயரம் குறைவு, அகலம் அதிகம், சிலிண்டர் ஹெட்டும் இரண்டு பக்கம்.

இன்லைன் ஆறில் எல்லா உலுக்கலும் சமனாகிவிடும், அதற்கு விலை நீளம். அந்த ஆறை மூன்று மூன்றாக வீ வடிவில் வைத்தால் நீளம் ஏறக்குறைய பாதியாகும். முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கும் ஆட்டம் மிஞ்சும். படகில் பூட்டும் அவுட்போர்ட் மோட்டரில் கிராங்க் நிமிர்ந்து நிற்பதால் எஞ்சினின் நீளம் உயரமாகிவிடுகிறது. அதனால்தான் பெரிய அவுட்போர்ட்கள் பலவற்றில் வீ சிக்ஸ் இருக்கிறது.