ஒரு தாளும் ஒரு ஆளும்

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரொம்ப காலம் மேனேஜராக இருந்தவன் நான். தாலி கட்டுகிறதைப் பார்த்தது கம்மி. ஆபீஸ் ரூம் ஜன்னல் வழியாக, யார் யாரைத் தேடி ஓடுகிறார்கள் என்று பார்த்ததுதான் அதிகம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நம்ம பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலை. ஆறிலிருந்து ஏழரை என்று பத்திரிகையில் போட்டிருக்கும். நாலு மணிக்கு மேளக்காரர் வரவில்லை, பூ வரவில்லை, பால் வரவில்லை என்றால் எல்லோரும் பெண்ணோட அப்பாவைத்தான் தேடுவார்கள். அவரோ அப்போதுதான் குளித்துவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருப்பார். அவர் போன் எங்கேயோ ஒரு பையில், சட்டைக்கு அடியில் கிடக்கும்.

அதனால் இந்தப் போன்களை எல்லாம் பார்த்துக்கொள்ள முதலில் ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். சீர், அதாவது மேடையில் செய்ய வேண்டிய சடங்கு, இருக்கிறவர்களை இந்த வேலைக்குப் போடாதீர்கள். மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிக்கு இணைச்சீர் இருக்கிறது, தாய்மாமனுக்குச் சீர் இருக்கிறது, பங்காளிகளை எந்த நேரமும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். மேடையில் நிற்கிறவருக்குப் போன் அடித்தால் எப்படி எடுப்பார்? அப்பாவோட சிநேகிதர், கூட வேலை பார்க்கிறவர், மேடையில் யாரும் தேடாத ஒருத்தர், அவர்தான் இதற்குத் தோது.

அவர் கையில் ஒரு தாள். போனில் இருந்தாலும் தாளும் வேண்டும். சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது. அதில் பேரும் நம்பரும் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ஆனால் யார் நம்பரை எழுதுகிறார்கள்? அட்வான்ஸ் வாங்கினவர் நம்பரை. பூக்கடை முதலாளி, வேன் முதலாளி, போட்டோ ஸ்டுடியோ முதலாளி. விடியற்காலை நாலு மணிக்கு முதலாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நமக்கு வேண்டியது வண்டி ஓட்டி வருகிற ஆளோட நம்பர். அதை முந்தின நாள் சாயந்திரம் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் யாரை அனுப்புவது என்று முதலாளிக்கே அப்போதுதான் தெரியும். முதலாளி நம்பர் அதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக இருக்கட்டும்.

அடுத்து மூன்று நேரம் எழுத வேண்டும். மண்டபத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம் ஒன்று. கிளம்பினார்களா என்று நாம் போன் போட வேண்டிய நேரம் ஒன்று. மூன்றாவது கெடு: இந்த நேரம் தாண்டினால் இனி அவரை நம்பிக் காத்திருக்கக் கூடாது, மாற்று ஏற்பாட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த மாற்று யார், அவர் நம்பர் என்ன என்று அதே வரியில் எழுதி வைத்துவிடுங்கள். பதற்றத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "ஏனுங்க, எங்கிங்க இருக்கறீங்க?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "வந்துட்டே இருக்கறனுங்க." படுக்கையில் இருந்தாலும் அதே பதில், பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அதே பதில். பொய் என்று சொல்ல மாட்டேன், மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "இப்ப எந்த ஊரைத் தாண்டுனீங்க?" என்று கேளுங்கள். "வண்டியில சாமான் ஏத்தியாச்சுங்களா, யாரு ஏத்துனாங்க?" என்று கேளுங்கள். ஊர் பேர் உடனே வந்தால் வண்டி ஓடுகிறது. கொஞ்சம் இழுத்து, "இங்க தானுங்க, பக்கத்துல" என்றால் வண்டி கிளம்பவில்லை. அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது. வீட்டில் காய்காரரிடம் பேசும்போது கூட இப்படித்தான் கேட்கிறேன்; வீட்டுக்காரம்மா சிரிக்கிறார்.

ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். பூ கோபிசெட்டிபாளையத்திலிருந்து வர வேண்டும். முகூர்த்த மாலை, பொண்ணுக்கு ஜடைப்பூ, சரம், எல்லாம் ஒரே வண்டியில். அஞ்சு மணிக்கு வந்து சேர வேண்டும், நாலு மணிக்குக் கேட்க வேண்டும், கெடு அஞ்சேகால் என்று தாளில் இருந்தது. கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டவர் பெண்ணோட அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். நாலு மணிக்கு டிரைவருக்கு அடித்தார். "கவுந்தப்பாடி தாண்டலீங்க, டயர் போயிருச்சு, ஸ்டெப்னியும் காத்து இல்லீங்க" என்றான் பையன். முதலாளிக்கு இது இன்னும் தெரியாது. அவரைக் கேட்டிருந்தால், "அப்பவே கிளம்பிருச்சுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

இவர் கூச்சல் போடவில்லை. தாளில் "சும்மா நிற்கிற கார்" என்று ஒரு வரி உண்டு. ஒரு காரும் ஒரு டிரைவரும், வேறு எந்த வேலையும் கொடுக்காமல். இது செலவு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கல்யாணத்தில் உருப்படியான செலவு அதுதான். அந்தக் காரை உடனே கவுந்தப்பாடிக்கு அனுப்பினார். போக அரை மணி, வர அரை மணி. விடியற்காலை ரோட்டில் கூட்டமில்லை. அஞ்சேகாலுக்குள் வந்துவிடும், ஆனால் இழுத்துப் பிடித்த கணக்கு. அதனால் உள்ளூர்ப் பூக்கடைக்காரரையும் எழுப்பி, "ரெண்டு மாலை கட்டி வைங்க, வேண்டாட்டியும் காசு குடுத்துர்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டே பேரிடம்தான் சொன்னார். மேக்கப் பண்ணுகிற அம்மாவிடம், "சேலையை முதல்ல கட்டுங்க, ஜடையைக் கடைசில வெச்சுக்கலாம்" என்று. சீர்களை முன்னால் நின்று நடத்துகிற அருமைக்காரரிடம், "மாமா, மாலை கொஞ்சம் பிந்துமுங்க. அது இல்லாம முன்னாடி எந்தச் சீரை முடிச்சுக்கலாமுங்க?" என்று. எந்தச் சீரை முன்னே எடுப்பது என்று முடிவு பண்ண வேண்டியவர் அருமைக்காரர். நாம் நேரத்தை மட்டும் சொன்னால் போதும். பெண்ணோட அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. அஞ்சு பத்துக்குக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. உள்ளூர்க் கடைக்காரருக்குப் பேசின காசு போய்ச் சேர்ந்தது. அந்த இரண்டு மாலையும் சாமி படத்துக்கு ஆச்சு.

பாருங்கள், அவர் யாரையும் கேட்காமல் காசு கொடுத்தார். அதற்கும் முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள். ஒரு கவரில் இவ்வளவு பணம், இந்த அளவு வரைக்கும் நீங்களே முடிவு பண்ணுங்கள், அதற்கு மேலே போனால் மட்டும் கேளுங்கள் என்று. கொடுத்ததைத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுவார். இந்த அனுமதி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாள் இருந்தும் அவர் வெறும் போன் ஆபரேட்டர்தான்.

முந்தின நாள் ராத்திரி ஒரு காரியம் மறக்காதீர்கள். தாளில் இருக்கிற எல்லோருக்கும் அவரே போன் போட்டு, "நாளைக்கு எதுன்னாலும் எனக்கு மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். எல்லா நம்பரையும் "கல்யாணம் பூ", "கல்யாணம் மேளம்", "கல்யாணம் வேன்" என்று பதிந்து வைத்தால் வரிசையாக ஒரே இடத்தில் வரும். கெட்டிமேளம் அடிக்கும்போது போன் மணி காதில் விழாது, வைப்ரேஷனில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள்.

பந்தியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பந்திக்கும் எத்தனை இலை போட்டார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு பந்தி உட்கார்ந்ததும் அந்த எண்ணிக்கையைச் சமையல் மாஸ்டருக்குச் சொன்னால், அடுத்த உலை வைக்கிறதை அவர் பார்த்துக்கொள்வார். மண்டபத்துக்குள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் கணக்குத் தப்பும். பாக்கிப் பணம் யாருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அப்புறம் ஜெனரேட்டர்: மண்டபத்துக்காரரிடம் முந்தின நாளே அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டீசல் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே மூடியைத் திறந்து பாருங்கள். நன்றிங்க, வணக்கம்.